சோப்புக் குமிழியும் கண்ணாடிக் குழாயும்: வளைந்த பரப்பு செய்யும் வேலை

ஒரு குழாயின் இரண்டு முனைகளிலும் சோப்புக் குமிழி ஊதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று எலுமிச்சம்பழ அளவு, மற்றது நெல்லிக்காய் அளவு. குழாயின் நடுவில் ஒரு அடைப்பான் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் காற்று எந்தப் பக்கம் போகும்?

பெரும்பாலும் வரும் பதில், பெரியதிலிருந்து சின்னதுக்கு என்பதுதான். பெரியதில் நிறையக் காற்று இருக்கிறது, அதனால் அழுத்தமும் அதிகமாக இருக்கும், இரண்டும் ஒரே அளவாகும் வரை ஓடும் என்று தோன்றுகிறது. நடப்பது நேர்மாறு. நெல்லிக்காய் சுருங்கும், எலுமிச்சை இன்னும் பெருக்கும்.

இதே போலத் தவறாகப் பேசப்படும் இன்னொரு விஷயம், மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாக மேலே ஏறுவது. "குழாய் உறிஞ்சுகிறது" என்போம், அல்லது "கண்ணாடி தண்ணீரை மேலே இழுக்கிறது" என்போம். பாடப்புத்தகத்தில் குமிழிக்கு ஒரு சூத்திரமும் குழாய்க்கு ஒரு சூத்திரமும் தனித்தனியாக வருவதால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டிலும் வேலை செய்வது ஒரே காரணம். திரவத்தின் பரப்பு வளைந்திருந்தால், அதன் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றாக இருக்க முடியாது. அது ஏன் என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

## பரப்பு இழுவிசை என்றால் என்ன

தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறைச் சுற்றி எல்லாப் பக்கமும் அதன் கூட்டாளிகள் இருக்கின்றன. பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு மேல் பக்கம் ஆள் இல்லை. ஒன்றையொன்று ஈர்க்கும் மூலக்கூறுகளுக்கு அது வசதியான இடம் அல்ல. ஒரு மூலக்கூறை உள்ளிருந்து பரப்புக்குக் கொண்டுவர ஆற்றல் செலவாகிறது. ஆகவே திரவம் தன் பரப்பை முடிந்தவரை சிறிதாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, பரப்பு முழுவதும் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்தது போலத் தெரிகிறது.

இந்த இழுப்பை அளக்க, பரப்பின் மீது ஒரு கோடு போட்டதாக நினையுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கத் தண்ணீர் அந்தப் பக்கத் தண்ணீரை இழுக்கிறது. ஒரு மீட்டர் நீளக் கோட்டின் குறுக்கே எவ்வளவு விசை இருக்கிறதோ, அதுதான் பரப்பு இழுவிசை. அதை T என்று குறிப்போம். சாதாரண அறை வெப்பநிலையில் சுத்தமான தண்ணீருக்கு இது மீட்டருக்கு சுமார் 0.073 நியூட்டன். பத்து சென்டிமீட்டர் கோட்டின் குறுக்கே முக்கால் கிராம் எடையைத் தாங்கும் அளவு விசை என்று கொள்ளலாம்.

சோப்புக் கரைசலுக்கு இந்த மதிப்பு சுமார் 0.025 தான், அதாவது தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு. சோப்பு போட்டால் இழுவிசை கூடுகிறது, அதனால்தான் குமிழி நிற்கிறது என்று பலர் நம்புகிறார்கள். சோப்பு அதைக் குறைக்கத்தான் செய்கிறது. குமிழி நிலைப்பதற்குக் காரணம் வேறு: படலம் ஓரிடத்தில் மெலியும்போது அங்கே சோப்பு குறைந்து இழுவிசை கொஞ்சம் கூடி, அக்கம்பக்கத்துத் திரவத்தை அந்த இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. வெறும் தண்ணீர்ப் படலத்துக்கு இந்தத் தற்காப்பு இல்லை.

பரப்பை "ரப்பர் தோல்" என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரப்பரை இழுக்க இழுக்க இறுக்கம் கூடிக்கொண்டே போகும். திரவப் பரப்பு விரிந்தால், உள்ளிருந்து புது மூலக்கூறுகள் பரப்புக்கு வந்து சேர்கின்றன, இழுவிசை அதே மதிப்பில் இருக்கிறது. குமிழி எவ்வளவு பெரிதானாலும் அதன் T மாறாது. பலூனை வைத்துக் குமிழியைப் புரிந்துகொள்ளப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

## கொடிக்கயிறு சொல்லும் சேதி

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஈர வேட்டியைப் போட்டால் கயிறு கொஞ்சம் தொய்கிறது. கயிறு தன் நீளவாக்கில்தான் இழுக்க முடியும், நேராக மேலே தூக்க முடியாது. ஆனாலும் வேட்டியின் எடையைத் தாங்குகிறது. எப்படி? கயிறு வளைந்திருப்பதால் இடப்பக்க இழுப்பும் வலப்பக்க இழுப்பும் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அந்த இரண்டு சாய்வுகளும் சேர்ந்து எடையைத் தூக்குகின்றன. கயிறு துளியும் தொய்யாமல் நேராக இருந்தால், எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும் அதனால் ஒரு கைக்குட்டையைக்கூடத் தாங்க முடியாது.

திரவப் பரப்பும் அப்படித்தான். தட்டையாக இருந்தால் அதன் இழுப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும், மேலும் கீழும் அழுத்தம் ஒன்றே. வளைந்துவிட்டால் அந்த இழுப்பு வளைவின் உட்பக்கம் நோக்கி அமுக்குகிறது. அதைத் தாங்க வேண்டுமானால் உட்பக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இருந்தாக வேண்டும். இந்தக் கூடுதலுக்குத்தான் மிகையழுத்தம் என்று பெயர்.

ஆக, கையில் ஒரே ஒரு விதி இருக்கிறது. வளைவின் குழிந்த பக்கத்தில் அழுத்தம் அதிகம், புடைத்த பக்கத்தில் குறைவு. வளைவு கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்குக் குமிழிதான் எளிய உதாரணம்.

## குமிழியைப் பாதியாக வெட்டினால்

r ஆரமுள்ள குமிழியைக் கற்பனையில் நடுவே இரண்டாக வெட்டுவோம். உள்ளே இருக்கும் மிகையழுத்தம் p, இரண்டு பாதிகளையும் பிரித்துத் தள்ளப் பார்க்கிறது. அது தள்ளும் பரப்பளவு வெட்டுமுகத்தின் வட்டம், அதாவது πr². பாதிகளைப் பிரியவிடாமல் பிடித்திருப்பது விளிம்பில் உள்ள படலம். விளிம்பின் நீளம் 2πr. ஆனால் சோப்புப் படலத்துக்கு உள்ளே ஒரு பரப்பு, வெளியே ஒரு பரப்பு என இரண்டு உண்டு, நடுவில் மெல்லிய திரவம். ஆகவே பிடித்திருக்கும் விசை இரண்டு மடங்கு, 4πrT. இரண்டும் சமம் என்று எழுதினால்:

```
p × πr² = 4πrT
p = 4T / r
```

நீர்த்துளிக்கும், தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிக்கும் பரப்பு ஒன்றுதான். அங்கே p = 2T / r. தேர்வில் நாலா இரண்டா என்று குழம்புகிறவர்கள், எத்தனை பரப்பு என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

சின்னக் குமிழியில் அழுத்தம் ஏன் அதிகம் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆரம் பாதியானால் பிடிக்கும் விளிம்பு பாதியாகிறது, தள்ளப்படும் வட்டமோ கால் பங்காகக் குறைகிறது. கால் பங்கு வட்டத்தைத் தள்ளி, பாதி விளிம்பின் பிடியைச் சமாளிக்க வேண்டுமானால் அழுத்தம் இரட்டிப்பாக வேண்டும்.

நம் இரண்டு குமிழிகளுக்கு வருவோம். எலுமிச்சையின் ஆரம் 2 செ.மீ. என்றால் மிகையழுத்தம் 5 பாஸ்கல். நெல்லிக்காய் 1 செ.மீ. என்றால் 10 பாஸ்கல். சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் ஒரு லட்சம் பாஸ்கல் என்பதால் இது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். அவ்வளவு சிறியதுதான், ஆனால் மெல்லிய காற்றை நகர்த்த அதுவே தாராளம். ஸ்ட்ராவின் முனையில் ஒரு குமிழி ஊதி, மறுமுனையிலிருந்து வாயை எடுத்துப் பாருங்கள். குமிழி தன் காற்றைத் தானே வெளியே தள்ளிச் சுருங்கிவிடும். சுருங்கச் சுருங்க வேகம் கூடுவதும் கண்ணுக்குத் தெரியும்.

அடைப்பானைத் திறந்த குழாயில், சின்னக் குமிழி ஒரேயடியாக மறைந்துவிடுமா என்றால் இல்லை. குழாயின் வாயளவுக்கு அரைக்கோளமாகச் சுருங்கும் வரை அதன் ஆரம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அதற்குப் பிறகும் காற்று வெளியேறும்போது, வாயின் மேல் மூடிய படலம் தட்டையாகத் தொடங்குகிறது. தட்டையாவது என்றால் வளைவின் ஆரம் கூடுவது, அழுத்தம் குறைவது. அந்தச் சின்ன மூடியின் வளைவு ஆரமும் பெரிய குமிழியின் ஆரமும் சமமாகும் இடத்தில் காற்று ஓட்டம் நிற்கும். பார்ப்பதற்கு ஒன்று பெரிய உருண்டை, மற்றொன்று லேசாகப் புடைத்த வட்டம். வளைவு மட்டும் இரண்டிலும் ஒன்று.

## குழாய்க்குள் அதே வளைவு

சரி, கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். மெல்லிய குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால், உள்ளே தண்ணீரின் மேற்பரப்பு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் உள்ள ஈர்ப்பு பலமானது, தண்ணீர் சுவரை நனைத்துக்கொண்டு ஓரத்தில் மேலேறி நிற்கிறது. ஓரத்தில் திரவமும் சுவரும் சேரும் கோணத்துக்குச் சேர்கோணம் என்று பெயர். சுத்தமான கண்ணாடியில் சுத்தமான தண்ணீருக்கு அது கிட்டத்தட்ட சுழியம், அப்போது குழிந்த பரப்பு ஏறக்குறைய அரைக்கோளம்.

கண்ணாடியின் ஈர்ப்பு செய்யும் வேலை இவ்வளவுதான்: ஓரத்தில் கோணத்தைத் தீர்மானித்து, பரப்பை வளைய வைக்கிறது. மீதியை வளைவு பார்த்துக்கொள்கிறது. குழிந்த பக்கம் காற்றில் இருக்கிறது, ஆகவே அங்கே அழுத்தம் அதிகம். அதாவது வளைந்த பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ள தண்ணீரில் அழுத்தம் வெளிக்காற்றைவிட 2T / r குறைவு. குழாய்க்கு வெளியே, பாத்திரத்தில், அதே மட்டத்தில் தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமேதான். அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தண்ணீர் தள்ளப்படுகிறது. உயர்ந்த தண்ணீரின் எடை அந்தக் குறைவை ஈடுகட்டும் வரை ஏறி, நிற்கிறது. இதுதான் நுண்புழை ஏற்றம்.

```
h = 2T / (ρ g r)
```

இதில் ρ திரவத்தின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம். சேர்கோணம் θ சுழியமாக இல்லாவிட்டால் T-ஐ cos θ-வால் பெருக்க வேண்டும்.

உள்விட்டம் 1 மி.மீ. உள்ள குழாய்க்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம் 0.5 மி.மீ. அழுத்தக் குறைவு 2 × 0.073 ÷ 0.0005, அதாவது 292 பாஸ்கல். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 9,800 பாஸ்கல் தரும் என்பதால் ஏற்றம் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை பாதியாகிவிடும். செய்முறைத் தேர்வில் அடிக்கடி நடப்பது இது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விரல் நுனியைக் குத்தி, வந்த துளியில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழாய் சுமார் 7.5 செ.மீ. நீளம், உள்விட்டம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். செங்குத்தாகப் பிடித்தால் தண்ணீரே 3 செ.மீ.தான் ஏறும். ரத்தத்துக்கு இழுவிசை குறைவு, அடர்த்தி கூடுதல், ஆகவே இன்னும் குறைவாகத்தான் ஏறும். அதனால்தான் குழாயைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடிக்கிறார்கள். தூக்க வேண்டிய உயரம் இல்லாதபோது வளைவின் அழுத்தக் குறைவு முழுக் குழாயையும் நிரப்பிவிடுகிறது.

பாதரசம் கண்ணாடியை நனைப்பதில்லை. அதன் பரப்பு மேல்நோக்கிப் புடைத்திருக்கும், குழிந்த பக்கம் திரவத்துக்குள் இருக்கும். ஆகவே அழுத்தம் உள்ளே அதிகம், மட்டம் கீழே இறங்குகிறது. அதே 1 மி.மீ. குழாயில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறக்கம்.

## உயரத்தைத் தீர்மானிப்பது எந்த இடம்

1700களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் ஹாக்ஸ்பி கண்ணாடிச் சுவரின் தடிமனை மாற்றிப் பார்த்தார், ஏற்றத்தில் மாற்றம் இல்லை. காற்றை வெளியேற்றிய கலத்துக்குள்ளும் செய்து பார்த்தார், அங்கேயும் தண்ணீர் ஏறியது. வெளிக்காற்று தள்ளுவதால்தான் ஏறுகிறது என்ற விளக்கம் அதோடு முடிந்தது. தேவைப்படுவது பரப்பின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் மட்டுமே.

அப்புறம் 1718 வாக்கில் ஜேம்ஸ் ஜூரின் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கீழே அகன்று, மேலே போகப்போக மெல்லிய குழாயாகக் குறுகும் ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டார், கவிழ்த்த புனல் போல. சும்மா தண்ணீரில் நிறுத்தினால் அகன்ற பகுதியில் தண்ணீர் ஏறவே ஏறாது. ஆனால் முதலில் மேல்வரை நிரப்பிவிட்டு நிறுத்தினால், மெல்லிய பகுதியின் ஆரத்துக்கு எவ்வளவு உயரம் உண்டோ அந்த உயரத்தில் தண்ணீர் நிற்கிறது. கீழே எவ்வளவு அகலம், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

"கண்ணாடி விளிம்பு தண்ணீரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது" என்ற விளக்கம் இங்கே உடைகிறது. ஒரே சீரான குழாயில் விளிம்பின் இழுப்பு, 2πrT, தண்ணீரின் எடைக்குச் சமம் என்று எழுதினால் சரியான விடை வரும், பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஜூரினின் புனலில் உள்ள தண்ணீர் அந்த இழுப்பைவிடப் பல மடங்கு எடை கொண்டது. அழுத்தத்தை வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. பரப்பு எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தின் வளைவு உயரத்தைத் தீர்மானிக்கிறது.

இதே விளக்கம் இன்னொரு பழைய கேள்வியையும் தீர்க்கிறது. 3 செ.மீ. ஏறக்கூடிய குழாயில் 1 செ.மீ. மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் மேலே வந்து வழிந்துகொண்டே இருக்குமா? வழியாது. நுனிக்கு வந்ததும் பரப்பு தட்டையாகத் தொடங்கும். வளைவு ஆரம் மூன்று மடங்கானதும், 1 செ.மீ. தண்ணீரைத் தாங்கும் அளவுக்கு மட்டும் அழுத்தக் குறைவு இருக்கும், ஏற்றம் நின்றுவிடும்.

நீங்களே அளந்து பார்ப்பதாக இருந்தால் குழாயின் சுத்தம்தான் பெரிய தொல்லை. விரல் பட்ட எண்ணெய்ப் பசை சேர்கோணத்தைக் கூட்டி ஏற்றத்தைக் குறைத்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தண்ணீர் ஏறி நின்ற பிறகு குழாயைக் கொஞ்சம் ஆழமாக அமிழ்த்தி, மறுபடி பழைய நிலைக்கு உயர்த்துங்கள். மட்டம் அதே உயரத்துக்கு வந்தால் குழாய் சுத்தம். முதலில் ஒன்றும் பிறகு ஒன்றுமாகக் காட்டினால் கழுவிவிட்டுத் தொடங்க வேண்டியதுதான்.

## மரம் ஏறும் தண்ணீர்

நுண்புழை ஏற்றம் பற்றிப் பேசினால் உடனே வரும் உதாரணம் மரம். மரத்துக்குள் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, அதில் தண்ணீர் ஏறுகிறது என்று முடித்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் இது நிற்பதில்லை. தண்ணீர் கடத்தும் சைலம் குழாயின் ஆரம் 0.02 மி.மீ. என்றே வைத்தாலும் ஏற்றம் முக்கால் மீட்டர்தான். இருபது மீட்டர் மரத்துக்கு அது எந்த மூலைக்கு?

விடை ஜூரினின் புனலில் இருக்கிறது. தண்ணீரின் வளைந்த பரப்பு சைலம் குழாய்க்குள் இல்லை. அது இலைக்குள், செல் சுவரின் நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடுக்குகளில் இருக்கிறது. அந்த இடுக்கின் ஆரம் 10 நானோமீட்டர் என்றால், அங்கே உள்ள வளைவு ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத் தண்ணீரைக்கூடத் தாங்கும். கீழே உள்ள சைலம் குழாய் எவ்வளவு அகலமானாலும் கவலையில்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த இடுக்குகளில் பரப்பு இன்னும் குழிகிறது, அழுத்தம் இன்னும் குறைகிறது, வேரிலிருந்து தண்ணீர் தொடர்ந்து மேலே வருகிறது.

புனலுக்கு ஒரு நிபந்தனை இருந்ததே, முதலில் நிரப்பியிருக்க வேண்டும் என்று? மரத்துக்கும் அதே நிபந்தனைதான். முளைவிட்ட நாளிலிருந்து தண்ணீர்த் தொடர் அறுபடாமல் மரத்தோடு சேர்ந்து வளர்கிறது. கடும் வறட்சியில் ஒரு சைலம் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அந்தத் தொடர் அறுந்துபோகும், பெரும்பாலும் அந்தக் குழாய் தண்ணீர் கடத்துவதை நிறுத்திவிடும். பக்கத்துக் குழாய்க்கு அந்தக் காற்று உடனே பரவுவதில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள சவ்வின் துளைகள் மிக நுண்ணியவை, ஒவ்வொரு துளையின் வாயிலும் தண்ணீர் வளைந்து நிற்கிறது. அந்த வளைவைத் தாண்ட 2T / r அளவு அழுத்த வித்தியாசம் வேண்டும், அதுவரை காற்று வெளியே நிற்கிறது.